கஜு, பிளம்ஸ் வாங்கும் முன்: இலக்கம், ஈரம், பழசு

யாழ்ப்பாணத்தில் கஜு அதிகம் விற்பது கார்த்திகையிலும் மார்கழியிலும்தான். நத்தார் கேக், புது வருசக் கேக், தைப்பொங்கலுக்குப் பொங்கலில் போட ஒரு கைப்பிடி என்று எல்லா வீட்டிலும் தேவை வரும். வாடைக்காற்றோடு மாரி மழை கொட்டுவதும் இதே மாதங்களில்தான். எங்கள் நாட்டுக் கஜுவின் அறுவடையோ மாசி தொடங்கி ஆனி மட்டும். புத்தளத்திலோ மட்டக்களப்பிலோ மன்னாரிலோ பறித்த கொட்டை உடைபட்டு, காய்ந்து, கை மாறி யாழ்ப்பாணக் கடைக்கு வந்து மார்கழியில் உங்கள் பையில் விழும்போது அதற்கு ஆறு மாத வயதாவது இருக்கும். அந்த ஆறு மாதம் ஒரு குறை இல்லை. காய்ந்த கஜு காற்றுப் புகாமல் இருந்தால் அதைவிடக் கூடுதலாகவும் நிற்கும். ஆனால் மழைக்காலத்தில் வாய் திறந்த மூட்டையில் மூன்று கிழமை இருந்தாலே போதும், நல்ல சரக்கும் கெட்ட சரக்காக மாறத் தொடங்கிவிடும்.

அதனால் புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது, பருமனைப் பிறகு பாருங்கள், முதலில் ஈரத்தைப் பாருங்கள் என்பதுதான். கடைக்காரர் முன்னுக்கு வைத்துக் காட்டுவது பருமனை, காசு கேட்பதும் அதற்குத்தான். கேக் கசப்பதோ இனிப்பதோ ஈரத்தையும் பழசையும் பொறுத்தது. இருந்தாலும் இலக்கம் என்றால் என்ன என்று தெரியாமல் விலை பேச முடியாது. அதையே முதலில் முடித்துவிடுவோம்.

இலக்கம் சொல்வது பருமனை மட்டும்

மொத்த வியாபாரக் கடைகளில் கஜுப் பெட்டியில் டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று அச்சடித்திருக்கும். கடைக்காரர்கள் சுருக்கமாக "320 சைஸ்" என்பார்கள். ஓர் இறாத்தலில் எத்தனை முழுப்பருப்பு இருக்கும் என்பதன் கூடிய அளவே அந்த இலக்கம். 320 என்றால் ஓர் இறாத்தலுக்கு 300 தொடக்கம் 320 பருப்பு. எண் கூடக் கூடப் பருப்புச் சின்னது, விலையும் குறைவு. 180தான் பெரியது, 450 சின்னது.

இறாத்தலுக்கு எண்ணிப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இராது. 100 கிராம் நிறுத்து எண்ணினால் போதும். 180 இலக்கத்தில் 40ஐத் தாண்டக்கூடாது. 240 என்றால் 49 தொடக்கம் 53. 320 என்றால் 66 தொடக்கம் 71. 450 என்றால் 88 தொடக்கம் 99. வீட்டில் கேக் அடிக்கும் தராசு இருந்தால் முதல் தடவை 100 கிராம் மட்டும் வாங்கி வந்து எண்ணிப் பாருங்கள், பிறகு கிலோவாக வாங்கலாம். மூட்டையின் மேலே பெரியதும் கீழே சின்னதுமாகக் கலந்திருந்தால் இந்த எண்ணிக்கையில் பிடிபட்டுவிடும். எண்ணுவதற்கு எடுக்கும்போது மேலாக அள்ளாமல், கரண்டியை உள்ளே ஆழமாக விட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

முழுப்பருப்புக்குக் கீழே பாதிகள், அதற்கும் கீழே துண்டுகள். நீளவாக்கில் இரண்டாகப் பிரிந்தது பாதி, குறுக்கே உடைந்தது துண்டு. இளம் மண்ணிறமாகக் கருகின முழுப்பருப்பைத் தனியாகப் பிரித்துக் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். அது சூடு கொஞ்சம் கூடிப்போனதால் வந்த நிறம். பருப்புப் பழசு என்று அர்த்தம் இல்லை, கேக்குக்குள் போட அதுவே தாராளமாகப் போதும்.

கேக்குக்கு எப்படியும் கஜுவைச் சின்னனாக வெட்டித்தான் போடப் போகிறீர்கள். முழு 240 வாங்கிக் கத்தியால் நறுக்குவது காசை வீணாக்குவது. அதற்காகப் பொடித் துண்டுக்கும் போக வேண்டாம். உடைந்த பருப்பில் காற்றுப் படும் பரப்புக் கூட, அதனால் எண்ணெய் கெடுவதும் கெதி. என்னைக் கேட்டால் பாதியையே வாங்கச் சொல்வேன். விலை குறைவு. அதோடு பருப்பு இரண்டாகப் பிரிந்து உள்பக்கம் கண்ணுக்கு முன்னால் திறந்து கிடப்பதால் பழுதை ஒளிக்கவும் முடியாது.

ஈரம்: கையால் பார்ப்பது

கஜுப் பருப்பில் ஈரம் நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது வியாபாரத்தில் ஒத்துக்கொண்ட அளவு. அதற்கு மேல் போனால் முதலில் மொறுமொறுப்புப் போகும். பிறகு எண்ணெய் கெடும், கடைசியில் பூஞ்சணம் பிடிக்கும். நூற்றுக்கு 3 அளவுக்கு மிகவும் காய்ந்தாலும் கஷ்டம், பையில் ஆட்டம் கண்டே உடைந்து துண்டாகிவிடும்.

இதை அளக்கக் கருவி தேவையில்லை. ஒரு முழுப்பருப்பை இரண்டு கைப் பெருவிரல்களுக்கும் சுட்டுவிரல்களுக்கும் நடுவில் பிடித்து வளையுங்கள். காய்ந்த பருப்பு வளையாமல் சட்டென்று முறியும், சத்தமும் கேட்கும். முறிந்த இடம் சுத்தமாக, சிறு பொடி உதிர்ந்தபடி இருக்கும். ஈரம் ஏறினது முதலில் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், பிறகு சத்தமில்லாமல் பிய்யும். ஒரு பருப்பை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மூட்டையின் மேலிருந்து இரண்டு, நடுவிலிருந்து இரண்டு, அடியிலிருந்து இரண்டு என்று முறித்துப் பாருங்கள். வாய் திறந்த மூட்டையில் ஈரம் மேலிருந்து இறங்கும், சீமெந்துத் தரையில் வைத்த மூட்டையில் அடியிலிருந்தும் ஏறும். நடுப் பருப்பு மொறுமொறுப்பாகவும் மேலும் கீழும் தொவதொவவென்றும் இருந்தால், வரும்போது நல்ல சரக்காக இருந்து கடையில் நனைந்தது என்று பிடித்துக்கொள்ளலாம். அப்படியான நேரத்தில் வேறு மூட்டை இருக்கிறதா என்று கேட்பதில் பயன் உண்டு. நடுவிலும் தொவதொவ என்றால் கேட்டுப் பயன் இல்லை.

ஈரத்துக்கு நீங்கள் காசும் கொடுக்கிறீர்கள். ஈரம் நூற்றுக்கு 8 உள்ள ஒரு கிலோவை வாங்கி வந்து 5க்குக் காயவைத்தால் 968 கிராம்தான் மிஞ்சும். கிலோ 5000 ரூபா என்று வைத்தால் 160 ரூபா வெறும் தண்ணீருக்கு. அது போனால் போகட்டும் என்று விடலாம். ஆனால் அந்த ஈரத்தோடு ஒரு மாதம் கிடந்த பருப்பின் ருசி திரும்பி வராது.

வாங்கி வந்த பிறகு வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் போத்தலில் கால்வாசிக்குப் பருப்பைப் போட்டு, ஒரு தேக்கரண்டி தூள் உப்பையும் போட்டு, மூடியை இறுக்கி, இரண்டு நிமிசம் குலுக்குங்கள். பிறகு கால் மணித்தியாலம் அசையாமல் வையுங்கள். உப்பு போத்தல் சுவரில் ஒட்டிப் படலமாக நின்றால் உள்ளே இருக்கும் காற்றில் ஈரம் அளவுக்கு மீறிவிட்டது, அந்த ஈரத்தில் பூஞ்சணம் வளரும். இதற்குக் கல்லுப்பை இடித்துப் போடக்கூடாது. அது தானாகவே காற்றிலிருந்து ஈரம் இழுக்கும், நல்ல பருப்பையும் கெட்டதென்று காட்டிவிடும். கடையில் பக்கெற்றில் விற்கும் தூள் உப்பைச் சட்டியில் வறுத்து ஆறவைத்துப் போடுங்கள். இந்தச் சோதனைக்கு ஓர் எல்லையும் உண்டு. உப்பு ஒட்டினால் பருப்புக் கட்டாயம் ஈரம். ஒட்டாவிட்டால் நன்றாகக் காய்ந்தது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. அதற்கு முறித்துப் பார்ப்பதுதான் சரி.

பழசைக் கண்டுபிடிப்பது

ஈரம் சரியாக இருந்தும் பருப்புப் பழசாக இருக்கலாம். கஜுவில் கிட்டத்தட்டப் பாதி எண்ணெய், காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் அது கெடும். பழசானதைக் கடைக்காரர் வெயிலில் போட்டோ வறுத்தோ மொறுமொறுப்பாக்கிவிட முடியும். அதனால் முறியும் சத்தம் மட்டும் போதாது.

ஒரு பருப்பை எடுத்து அதன் வளைவில் நகத்தை விட்டு இரண்டாகப் பிரியுங்கள். நடுவில் நீளமாக ஒரு சின்னப் பள்ளம் தெரியும். புதுப் பருப்பில் அந்தப் பள்ளம் தந்த நிறமாக, சுத்தமாக இருக்கும். பழசில் பள்ளத்தின் ஓரம் மஞ்சளாகவோ சாம்பலாகவோ திரும்பியிருக்கும். வெளிப்புறம் வெள்ளையாக இருக்கும்போதே உள்ளே நிறம் மாறிவிடும் என்பதால்தான் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். வண்டு இருந்தால் அதன் தூளும், அந்துப்பூச்சியின் புழு இருந்தால் மெல்லிய நூல் வலையும் இந்தப் பள்ளத்தில் கிடைக்கும். மூட்டையின் அடியில் மா மாதிரித் தூள் படிந்திருந்தால் பிரித்துப் பார்க்கவும் வேண்டாம், அந்தக் கடையில் அன்றைக்குக் கஜு வாங்க வேண்டாம்.

அடுத்தது மணம். திறந்த மூட்டைக்கு மேலே மூக்கை நீட்டினால் கடையிலுள்ள மல்லியும் மிளகாயும்தான் மணக்கும். நாலைந்து பருப்பை உள்ளங்கையில் பொத்திப் பிடித்து, ஒரு நிமிசம் கைச்சூட்டில் வைத்து, பெருவிரல் பக்கம் சின்ன வாசல் விட்டு மணந்து பாருங்கள். புதியதில் பாலும் வெண்ணெயும் கலந்த மெல்லிய மணம் வரும், அல்லது ஒன்றுமே வராது. பழசில் பெயின்ற் வாடை, பொரித்து வைத்த பழைய எண்ணெய் வாடை வரும்.

கடைசியாக வாய். ஒரு பருப்பை நன்றாக மென்று விழுங்கிவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். முதல் கடியில் கெட்ட கஜுவும் கஜு மாதிரித்தான் இருக்கும். காறல் பின்னால்தான் வரும், அடிநாக்கிலும் தொண்டையிலும் கரகரவென்று நிற்கும். அவசரப்பட்டு இரண்டாவது பருப்பை வாயில் போட்டால் முதலாவதின் காறலை அது மூடிவிடும். உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுப் பொரித்த கஜுவில் இந்தச் சோதனை எடுபடாது. உறைப்புக் காறலை மறைத்துவிடும். தின்னத்தானே என்றால் வாங்குங்கள், கேக்குக்கும் பாயசத்துக்கும் பச்சைப் பருப்பாக வாங்கி வீட்டில் வறுப்பதே நல்லது.

பக்கெற்றில் உள்ள திகதியைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெரிய பெட்டியை உடைத்துச் சின்னப் பக்கெற்றாகப் பொதி செய்திருந்தால் அதில் இருப்பது பெரும்பாலும் பொதியிட்ட நாள்தான். மூட்டை எவ்வளவு நாள் திறந்து கிடந்தது என்று அந்தத் திகதி சொல்லாது. காற்று உறிஞ்சி மூடிய பெரிய பை என்றால் அது பருப்போடு ஒட்டி இறுகி இருக்க வேண்டும். தளர்ந்து போன பை எங்கோ காற்று விட்டிருக்கிறது.

ஒரு கேக்குக்கு வாங்கினது

போன கார்த்திகைக் கடைசியில் பக்கத்து வீட்டு அக்காவோடு கேக் சாமான் வாங்கப் போனேன். அவவின் பட்டியலில் கஜு அரைக் கிலோ, பிளம்ஸ் அரைக் கிலோ, பேரீச்சம்பழம் கால் கிலோ. இரண்டு நாள் விடாத மழைக்குப் பிறகு கொஞ்சம் வெளித்த நாள்.

முதல் கடையில் 320 என்று சொல்லித்தான் காட்டினார்கள். 100 கிராம் நிறுத்து எண்ணினால் 78. இறாத்தலுக்குக் கணக்குப் பார்த்தால் 354 வரும், அதாவது 320 இலக்கத்தோடு சின்னப் பருப்பும் கலந்திருந்தது. அக்காவுக்கு அது பெரிதாகப் படவில்லை, வெட்டத்தானே போகிறோம் என்றா. அது சரிதான். ஆனால் மேலிருந்து எடுத்த பருப்பு வளைந்தது, நடுவில் எடுத்ததும் வளைந்தது. மூட்டை கடை வாசலில், சாரல் அடிக்கும் இடத்தில் இருந்தது. விலை குறைத்துத் தருவதாகச் சொன்னார்கள், நாங்கள் வாங்கவில்லை.

இரண்டாவது கடையில் அக்கா, "அண்ணை, பாதிக் கஜு இருக்கோ? திறந்து கனநாளோ?" என்று கேட்டா. கடைக்காரர் பின்பக்கம் போய்ப் பாதி தீர்ந்த ஒரு பையைக் கொண்டுவந்தார். வாயை மடித்து ரப்பர் போட்டு வைத்திருந்தார். "போன சனி உடைச்சது பிள்ளை, பாத்து எடுங்கோ" என்றார். அடியிலிருந்து எடுத்ததும் சத்தத்தோடு முறிந்தது. உள்ளங்கையில் பொத்தி மணந்தால் வாடை இல்லை. மென்று பார்த்துவிட்டுப் பேரீச்சம்பழம் பார்க்கப் போனோம், அது பார்த்து முடியும்வரை தொண்டையில் காறல் வரவில்லை. அங்கேயே அரைக் கிலோ பாதி வாங்கி, கேக்குக்கு மேலே அடுக்க மட்டும் 240 முழுப்பருப்பு 50 கிராம் சேர்த்தோம். அந்த 50 கிராமில் 26 பருப்பு இருந்தது, இலக்கம் சரி.

பிளம்ஸும் பேரீச்சம்பழமும்

உலர்ந்த திராட்சையில் ஈரக் கணக்கு வேறு. கஜுவுக்கு 5 என்றால் பிளம்ஸுக்கு 15ஐ ஒட்டி இருக்கலாம், 18ஐத் தாண்டக்கூடாது. அவ்வளவு ஈரத்திலும் கெடாமல் நிற்பதற்குக் காரணம் அதிலுள்ள சீனி. ஒரு கைப்பிடியை இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையை விரியுங்கள். நல்ல பிளம்ஸ் ஒன்றோடொன்று மெல்ல ஒட்டி, தட்டினால் பிரிந்து விழும். உருண்டையாகவே நின்று கையில் பிசுபிசுத்தால் ஈரம் கூட. கல்லுக் கல்லாகப் பிரிந்து விழுந்தால் காய்ந்து போனது. அதை ஊறவைத்து எடுக்கலாம் என்பதால் ஈரத்தை விட அது மேல். மினுமினுப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒட்டாமல் இருக்க எண்ணெய் பூசித்தான் அனுப்புகிறார்கள், பழசும் மினுங்கும்.

வெள்ளைப் பிளம்ஸ் என்று சொல்கிற பொன்னிறத் திராட்சையில் நிறமே வயதைக் காட்டிக்கொடுக்கும். கந்தகப் புகை காட்டித்தான் அந்த நிறத்தை நிறுத்துகிறார்கள். நாளாக ஆக அது மண்ணிறத்துக்குத் திரும்பும். கறுப்புப் பிளம்ஸில் நிறம் உதவாது, மேலே வெள்ளை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். படிந்திருந்தால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் நாலைந்தைப் போடுங்கள். வெள்ளை கரைந்து போனால் அது உள்ளிருந்து வெளியே வந்த சீனி. பழம் பழசு, ஆனால் சாப்பிடலாம். கரையாமல் பஞ்சாக மிதந்தாலோ பூஞ்சண வாடை அடித்தாலோ எறிந்துவிடுங்கள். அந்தத் தண்ணீரைக் கோப்பையின் அடிவரை வடித்தால் மணலும் தெரியும், எப்படியும் கழுவித்தான் போட வேண்டும்.

பேரீச்சம்பழத்தை நீளவாக்கில் பிளந்து கொட்டையைச் சுற்றிப் பாருங்கள். கறுப்புத் தூள் இருந்தால் புழுவோ பூஞ்சணமோ இருந்திருக்கிறது. தோலுக்குக் கீழே வெள்ளைப் புள்ளி புள்ளியாக இருப்பது சீனி, பயமில்லை. புளிச்ச மணம் வந்தால் வேண்டாம்.

கச்சானுக்கு மட்டும் ஒரு கண்டிப்பு

கஜுவின் காறல் ருசியைக் கெடுக்கும். கச்சானின் பூஞ்சணம் ஈரலைக் கெடுக்கும். ஈரம் பிடித்த கச்சானில் வளரும் ஒருவகைப் பூஞ்சணம் அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சை விடும். அந்த நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. நல்லூர்த் திருவிழாக் காலத்துக் கச்சான் கடைகளில் அந்தந்த நேரத்தில் சுடச்சுட வறுத்துத் தருவதில் பெரிய பயம் இல்லை, சரக்குக் கெதியில் தீர்ந்துவிடும். மாரியில் கிலோக்கணக்கில் பச்சைக் கச்சான் வாங்குகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும். சுளகில் பரவிச் சுருங்கினது, கறுத்தது, பச்சையோ மஞ்சளோ பூத்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். பூத்தது கூடுதலாகக் கண்டால் மிச்சத்தையும் வைத்திருக்க வேண்டாம். வாயில் கசந்த பருப்பைத் துப்பிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

கொஞ்சம் ஈரம் பட்ட கஜுவைக் காப்பாற்றலாம். காறலெடுத்ததைக் காப்பாற்ற வழி இல்லை. ஈரம் பட்டதை வெயிலில் போடாதீர்கள், வெளிச்சமும் சூடும் சேர்ந்து எண்ணெயைக் கெடுக்கும். மாரியில் வெயிலும் கிடைக்காது. கேக் சுடும் அவன் அடுப்பை 60, 70 பாகையில் வைத்துத் தட்டில் ஒற்றைப் படையாகப் பரவி ஒரு மணித்தியாலம் விடுங்கள். நடுவில் ஒருதரம் கிளறி, கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்தால் ஈரம் வெளியேறும். முற்றாக ஆறின பிறகுதான் முறித்துப் பார்க்க வேண்டும், சூட்டில் நல்லதும் வளையும். ஆறாமல் போத்தலில் போட்டால் மூடியில் வேர்த்து, போன ஈரம் திரும்பவும் பருப்பில்தான் விழும்.

ஆறினதைச் சின்னச் சின்னப் போத்தல்களில் வாய்முட்ட நிரப்பி, இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பெரிய போத்தல் ஒன்றைத் தினமும் திறந்தால் தினமும் மழைக்காற்று உள்ளே போகும். வெளியே எடுத்த போத்தலை உடனே திறக்காமல் ஒரு மணித்தியாலம் மேசையில் விட்டு, கண்ணாடியின் வெளிப்புறத்து வேர்வை காய்ந்த பிறகு திறவுங்கள். குளிரோடு திறந்தால் அந்த வேர்வை பருப்பின் மேல்தான் படியும். பிளம்ஸையும் பேரீச்சம்பழத்தையும் இதே மாதிரி வைக்கலாம், ஆனால் கஜுவோடு ஒரே போத்தலில் போடாதீர்கள். பழத்தின் ஈரத்தைக் கஜு இழுத்து, இரண்டு கிழமைக்குள் தொவதொவவென்று ஆகிவிடும்.